இரண்டாவது கடையும் ஏன் நடுவிலேயே வருகிறது?

கேள்வி: "நாங்கள் இருப்பது திருகோணமலையில், நிலாவெளிப் பக்கம். எங்கள் வீதியின் நடுவில் ஒரு பலசரக்குக் கடைதான் இருந்தது. இப்போது இன்னொருவர் கடை திறந்திருக்கிறார், அதுவும் முதல் கடைக்கு நேர் எதிரே. வீதிக் கடைசியில் எங்கள் வீட்டுப் பக்கம் போட்டிருந்தால் எங்களுக்கும் நல்லது, அவருக்கும் போட்டி இல்லை. தெரிந்துகொண்டே ஏன் இப்படிச் செய்கிறார்கள்?"

உங்கள் பக்கம் வந்தால் "அவருக்கும் போட்டி இல்லை" என்கிறீர்கள் பாருங்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. கடைக்காரர் பக்கமிருந்து பார்த்தால், வீதிக் கடைசியில் இருக்கும் நீங்கள் அவருக்குக் கவலையே இல்லாத வாடிக்கையாளர். மறுபக்கத்துக் கடை உங்களுக்கு இன்னும் தூரம், அதனால் அவர் நடுவில் இருந்தாலும் நீங்கள் அவரிடம்தான் வரவேண்டும். அவர் கையில் வரலாம் வராமலும் போகலாம் என்று இருப்பவர்கள் இரண்டு கடைக்கும் இடையில் குடியிருப்பவர்கள்தான். ஆகவே அவர்களை நோக்கி நகர்கிறார். நான் பொருளியல் படித்தவன். அப்புறம் பல வருடம் இந்த மாவட்டத்துக் கடைகளுக்குச் சரக்கு விநியோகிக்கும் வேலையில் இருந்தேன். இது இரண்டு இடத்திலும் எனக்குப் பழகிய கேள்வி. கணக்காகப் போட்டுக் காட்டினால்தான் சரியாக விளங்கும், கொஞ்சம் பொறுமையாகக் கூடவே வாருங்கள்.

1000 மீட்டர் நீளமான நேர் வீதி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டருக்கு ஒரு வீடு என்று ஒரே சீராக 100 வீடு. எல்லா வீட்டிலும் ஒரே அளவு பால்மா, சீனி, சவர்க்காரம் வாங்குகிறார்கள். விலை பக்கற்றிலேயே அச்சடித்திருப்பதால் இரண்டு கடையிலும் ஒரே விலை, சாமானும் ஒன்றுதான். ஆகவே யார் கடை கிட்ட இருக்கிறதோ அங்கே போவார்கள், வேறு காரணம் பார்க்க மாட்டார்கள். இப்போது முதல் கடையை 250ஆம் மீட்டரிலும் இரண்டாவது கடையை 750ஆம் மீட்டரிலும் வைப்போம். 500ஆம் மீட்டர் எல்லைக்கோடு மாதிரி ஆகிவிடும். இந்தப் பக்கம் 50 வீடு முதல் கடைக்கு, அந்தப் பக்கம் 50 வீடு மற்றவருக்கு. யாரும் 250 மீட்டருக்கு மேல் நடக்க வேண்டியதில்லை. நீங்கள் கேட்ட ஏற்பாடு கிட்டத்தட்ட இதுதான், வீதியில் இருக்கும் ஆட்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

ஆனால் இது நிலைக்காது. முதல் கடைக்காரர் ஒருநாள் 250இல் இருந்து 350க்கு மாறுகிறார் என்று வையுங்கள். அவருக்குப் பின்பக்கம் இருக்கும் வீடுகள், அதாவது 0இல் இருந்து 350 வரை உள்ளவர்கள், எங்கே போவார்கள்? முந்தியதைவிட 100 மீட்டர் கூட நடக்க வேண்டி வந்தாலும் அவரிடம்தான், ஏனென்றால் மற்றக் கடை 750இல் இருக்கிறது. பின்னால் ஒருவரையும் அவர் இழக்கவில்லை. முன்னாலோ எல்லைக்கோடு 350க்கும் 750க்கும் நடுவில், 550க்குப் போய்விட்டது. 50 வீடு 55 ஆகிவிட்டது. மற்றவர் சும்மா இருப்பாரா? அவரும் 650க்கு வருகிறார், கோடு திரும்ப 500க்கு வந்துவிடும், ஆளுக்கு 50. முதலாமவர் 450க்கு நகர்ந்தால் திரும்பவும் 55, மற்றவர் 550க்கு வந்தால் திரும்பவும் 50. இப்படியே ஒவ்வொரு அடியும் அந்த நேரத்துக்கு ஐந்து வீட்டு லாபம்போலத் தெரியும், பதிலடி வந்ததும் அந்த லாபம் கரைந்துவிடும், ஆனால் இரண்டு கடையும் மட்டும் கிட்டக் கிட்ட வந்துகொண்டே இருக்கும். கடைசியில் 500ஆம் மீட்டரில் எதிரெதிரே நிற்பார்கள். உங்கள் வீதியில் படிப்படியாக நகர்வு எதுவும் நடக்கவில்லை, முதல் கடை ஏற்கெனவே நடுவில்தான் இருந்தது. ஆகவே இரண்டாவது ஆள் இந்தக் கணக்கின் கடைசி வரியை மட்டும் செய்தார்: நடுவில் ஒருவர் இருந்தால், அவருக்குப் பக்கத்தில் போய் நிற்பதுதான் அதிக வீடு கிடைக்கும் இடம்.

சந்தேகம் இருந்தால் எதிர்ப்பக்கமாகப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 500இல் நிற்க, மற்றவர் உங்கள் ஆசைப்படி 900க்குப் போகிறார். கோடு 700இல் விழும். 900இல் இருப்பவருக்கு 30 வீடு, நடுவில் இருப்பவருக்கு 70. நீங்கள் போட்டியே இல்லாத இடம் என்று நினைத்த இடத்துக்குப் போனதற்கு அவர் கொடுக்கும் விலை 20 வீடு. அதனால்தான் நடுவில் ஒருவர் இருக்கும்போது அவரைவிட்டு விலகிப் போவது, எந்தப் பக்கம் போனாலும், எவ்வளவு தூரம் போனாலும் நட்டம்தான். இரண்டு பேரும் நடுவில் நிற்கும்போது ஒருவருக்கும் தனியாக நகரக் காரணம் இல்லை. பொருளியலில் இதைச் சமநிலை என்பார்கள்.

இதில் யாருக்கு லாபம் என்று பார்த்தால் கடைக்காரர்களுக்கும் இல்லை, மொத்தமாகப் பார்த்தால் வீதிக்கும் இல்லை, எனக்கு முதல்முறை இதைப் படித்தபோது மனதில் தைத்ததும் அதுதான். கடைக்காரர்களுக்கு முதலும் 50 வீடு, இப்போதும் 50 வீடு. வீட்டுக்காரர்களுக்கோ, 250இலும் 750இலும் கடை இருந்தபோது சராசரியாக 125 மீட்டர் நடந்தால் போதும். இரண்டும் நடுவில் வந்தபிறகு சராசரி 250 மீட்டர், கடைசி வீட்டாருக்கு 500. போய்வர ஒரு வீட்டுக்குச் சராசரியாக 250 மீட்டர் கூடுதல் நடை, 100 வீடும் நாளுக்கு ஒரு தடவை போனால் மொத்தம் 25 கிலோமீட்டர். வெயிலில் நடக்கும் அந்த 25 கிலோமீட்டர் ஒருவருடைய கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. உங்களுக்கு வந்த கோபம் நியாயமான கோபம். அந்தக் கடைக்காரரைத் தனியாகக் குறைசொல்ல முடியாது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவர் இடத்தில் யார் இருந்தாலும் இதே கணக்குத்தான் வரும்.

இதை முறையாக எழுதி வைத்தவர் ஹரோல்ட் ஹொட்டெலிங் என்ற அமெரிக்கர், 1929இல். அவர் புள்ளியியலிலும் பெரிய ஆள். கடற்கரையில் இரண்டு ஐஸ்கிறீம் வண்டி என்று இந்தக் கதையை இப்போது எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் அவர் எழுதியது ஓர் ஊரின் பிரதான வீதியை வைத்துத்தான். கடையோடு நிற்கவும் இல்லை. கட்சிகள் ஏன் ஒன்றைப்போல ஒன்று பேசுகின்றன, ஒரே ஊரில் விற்கும் பானங்கள் ஏன் ஒரே இனிப்பாக இருக்கின்றன என்று அதே கணக்கை நீட்டிக்கொண்டு போனார். இனிப்பு குறைவு, இனிப்பு கூட என்பதும் ஒரு வீதிதானே, அதில் ஒவ்வொரு வாடிக்கையாளரும் தனக்குப் பிடித்த இடத்தில் குடியிருக்கிறார் என்பது அவர் பார்வை.

நமது ஊரில் இதை அப்படியே கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் பின்னேரம் டச்சுபே கடற்கரைக்குப் போய்க் கச்சான் வண்டிகளைப் பாருங்கள். கடைக்கு முற்பணம் கட்டவேண்டும், ஒப்பந்தம் இருக்கும், நினைத்தவுடன் நகர முடியாது, அதனால் கணக்கு வேலைசெய்வது கண்ணுக்குத் தெரியாது. வண்டிக்கு அந்தத் தடை ஒன்றும் இல்லை. நாலரை மணிக்கு ஆட்கள் குறைவாக இருக்கும்போது இரண்டு பேரும் தள்ளித் தள்ளி நிற்பார்கள். குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து மணலில் உட்காரத் தொடங்கியதும் ஒருவர் வண்டியை இருபது அடி உருட்டுவார், லாம்பைச் சரிசெய்வதுபோல நின்று பார்ப்பார், கொஞ்ச நேரத்தில் மற்றவரும் உருட்டுவார். இருட்டும்போது பார்த்தால் ஒருவருடைய சட்டி வாசம் மற்றவருக்கு வரும் தூரத்தில் நிற்பார்கள். இரண்டு பேரும் சண்டைக்காரர்களும் இல்லை, சில்லறை மாற்றிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

அந்த வண்டிகள் கடற்கரையின் அளவெடுத்த நடுவில் நிற்காது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். இதில் ஆட்கள் அடிக்கடி பிழைவிடுகிறார்கள். நடு என்றால் மீட்டர் கணக்கில் நடு என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் தேடுவது ஆட்களின் நடு: இடப்பக்கம் பாதி வாடிக்கையாளர், வலப்பக்கம் பாதி வாடிக்கையாளர் என்று பிரிக்கும் புள்ளி. நமது 100 வீட்டில் 70 வீடு முதல் 300 மீட்டருக்குள் நெருங்கி இருக்கிறது, மிச்சம் 30 வீடு பெரிய வளவுகளாக 1000 மீட்டர் வரை பரந்திருக்கிறது என்று வையுங்கள். 50ஆவது வீடு வருவது 214ஆம் மீட்டருக்குக் கிட்ட. இரண்டு கடையும் அங்கேதான் வந்து நிற்கும். வீதியின் மறுமுனையில் இருப்பவர் கிட்டத்தட்ட 800 மீட்டர் நடக்க வேண்டும். கடைசி வீடு இன்னும் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் அந்த 50ஆவது வீடு மாறாது, ஆகவே கடையும் மாறாது. எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்பதற்குக் கணக்கில் இடமே இல்லை, எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதை மட்டும்தான் அது எண்ணும். ஒதுக்குப்புறமாகக் குடியிருப்பவர்கள் இதைத்தான் அனுபவத்தில் உணர்கிறார்கள்.

இதுவரை சொன்னது உறுதியானது. அதாவது இரண்டே கடை, ஒரே சாமான், மாற்ற முடியாத ஒரே விலை, கிட்ட இருக்கும் கடைக்கே எல்லாரும் போவார்கள், எவ்வளவு தூரமானாலும் வாங்காமல் விடமாட்டார்கள் என்று நான்கைந்து விஷயத்தை ஒத்துக்கொண்டால் வேறு முடிவு வர வழியில்லை. ஆனால் நிஜ வீதியில் இவற்றில் ஏதாவது ஒன்று எப்போதும் ஆட்டம் காணும். அதிலும் விலையை மாற்றலாம் என்று ஆகிவிட்டால் கதை தலைகீழாகிவிடும், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

பால்மாவை விட்டுவிட்டு, கடைக்காரர் தானே விலை வைக்கும் ஒரு பொருளை எடுங்கள், மூடையில் வாங்கிக் கிலோக்கணக்கில் நிறுத்துக் கொடுக்கும் சாமான் ஏதாவது. கொள்விலை 80 ரூபா, விற்பது 100 ரூபா, ஆகவே வீட்டுக்கு 20 ரூபா லாபம். 10 மீட்டர் கூட நடப்பது ஆட்களுக்கு 1 ரூபா அளவு அலைச்சல் என்று வையுங்கள். இரண்டு கடையும் 490இலும் 510இலும், 20 மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஆளுக்கு 50 வீடு, ஆளுக்கு 1000 ரூபா லாபம். ஒருவர் விலையை 97 ஆக்குகிறார். மற்றக் கடைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும்கூட இவரிடம் வர 20 மீட்டர், அதாவது 2 ரூபா அலைச்சல்தான் கூட, ஆனால் 3 ரூபா மிச்சம். ஆகவே 100 வீடும் இவரிடம் வரும். லாபம் 17 ரூபாப்படி 1700. மற்றவர் ஒரு நாள்கூடப் பொறுக்க மாட்டார், 94 ஆக்குவார். இது எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும், கொள்விலைக்குக் கிட்ட வரும்வரை ஓயாது.

இதே ஆட்கள் 250இலும் 750இலும் இருந்திருந்தால்? 3 ரூபா குறைத்ததும் எல்லைக்கோடு 500இல் இருந்து 515க்குத்தான் நகரும். 50 வீடு 51 அல்லது 52 ஆகும், ஆனால் எல்லா வீட்டிலும் 3 ரூபா போய்விட்டதால் லாபம் 1000இல் இருந்து 875 அளவுக்கு இறங்கிவிடும். குறைத்தது நட்டம். தூரம் என்பது இங்கே கடைக்காரருக்கு ஒரு மதில், மதில் இருக்கும்வரை விலைச் சண்டை உள்ளே வராது. ஆகவே விலையை அவரவரே வைக்கக்கூடிய வியாபாரத்தில் நடுவுக்கு இழுக்கும் விசை ஒன்று, விலகி நிற்கச் சொல்லும் விசை இன்னொன்று என இரண்டும் ஒரே நேரத்தில் வேலைசெய்யும். ஹொட்டெலிங் இந்த இரண்டாவது விசையைச் சரியாக எடைபோடவில்லை. விலையை மாற்றலாம் என்று வைத்துக்கொண்டும் நடுவில்தான் கூடுவார்கள் என்று எழுதினார். 50 வருடம் கழித்து 1979இல் தஸ்ப்ரமோன், கப்செவிச், டிஸ் என்ற மூன்று பேர் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டு, கடைகள் மிகக் கிட்ட வந்தால் அந்தக் கணக்கில் விலை எங்குமே நிலைகொள்ளாது என்று காட்டினார்கள். அதோடு, நடையின் அலைச்சல் தூரத்தைவிட வேகமாகக் கூடும் என்று வைத்தால் (அரிசிப் பையோடு 1 கிலோமீட்டர் நடப்பது வெறும் 100 மீட்டர் நடப்பதைப்போலப் பத்து மடங்கு மட்டும் கஷ்டம் இல்லைத்தானே) இரண்டு கடையும் வீதியின் இரண்டு முனைக்கும் போய்விடும் என்றும் காட்டினார்கள். அதே வீதி, அதே இரண்டு கடை, ஒரு நிபந்தனையை மாற்றியதும் முடிவு நேரெதிர். ஆகவே "போட்டி என்றால் நடுவில்தான் கூடுவார்கள்" என்று பொதுவாக அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள். விலை கட்டப்பட்டிருக்கிறதா இல்லையா என்று முதலில் கேளுங்கள்.

எனது அனுபவத்தில் இது கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம்தான். விலை அச்சடித்த சாமான், ரீலோட், பத்திரிகை என்று விற்கும் கடைகள் எதிரெதிரே வருடக்கணக்கில் சமாதானமாக ஓடும். நிறுத்துக் கொடுக்கும் சாமான் முக்கியமான கடைகள் கிட்டக் கிட்ட வந்தால், ஒன்று கொஞ்ச நாளில் வேறு ஆளாக மாறும். ஒருவர் கடன் கொடுக்கத் தொடங்குவார், ஒருவர் காலையிலேயே ஐந்து மணிக்குத் திறப்பார், ஒருவர் மரக்கறி சேர்ப்பார். இடத்தில் விலக முடியாதவர் சாமானில் விலகுகிறார். நீங்கள் உங்கள் வீதியில் அடுத்த சில மாதம் கவனித்துப் பாருங்கள், எதிரெதிரே இருக்கும் இரண்டு கடையும் ஒரே மாதிரி இருக்காது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்கவேண்டும், ஏனென்றால் கடைகள் கூடி நிற்பதெல்லாம் இந்தக் காரணத்தால் இல்லை. நகைக்கடை, புடவைக்கடை, மீன் விற்கும் இடம் எல்லாம் ஒரே வரிசையில் இருப்பது வேறு கதை. அங்கே ஆள் வருவதே நாலு கடை ஏறி இறங்கிப் பார்க்கத்தான், தனியாக ஒரு நகைக்கடை எங்கேயோ இருந்தால் அவ்வளவு தூரம் வரமாட்டார். பக்கத்துக் கடை அங்கே எதிரியும்தான், ஆளை இழுத்துக்கொண்டு வருபவரும்தான். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு முன்னால் மருந்துக்கடைகள், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக்கடைகள். அவை ஒன்றையொன்று பார்த்து வந்தவை இல்லை, எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்து வந்தவை. எது எது என்று கண்டுபிடிக்க நான் இரண்டு கேள்வி கேட்பேன். வாடிக்கையாளர் ஒரு கடையில் வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போகிறாரா, மற்றக் கடையையும் எட்டிப் பார்க்கிறாரா? எட்டிப் பார்த்தால் அது நகைக்கடைக் கதை. இரண்டாவது, ஒரு கடை மூடிப் போனால் மிஞ்சியவர் அதே இடத்திலேயே இருக்க விரும்புவாரா? ஆஸ்பத்திரி வாசல் மருந்துக்கடை அசையாது. ஆனால் வீதி நடுவில் இருக்கும் பலசரக்குக் கடைக்காரர், போட்டி இல்லையென்றால், வாடகை குறைந்த எந்த இடத்துக்கும் மாறலாம், ஏனென்றால் எங்கே இருந்தாலும் 100 வீடும் அவரிடம்தான் வரவேண்டும். உங்கள் வீதியில் எந்தக் காரணம் என்று இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. நடுவில் ஒரு பஸ் தரிப்பிடமோ பள்ளிக்கூடமோ கோயிலோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நான் இவ்வளவு நேரம் சொன்ன கணக்கைவிட அது பெரிய காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது கடை வந்தால் உங்கள் பக்கம் வருமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மூன்று என்பது சிக்கலான எண்ணிக்கை. இரண்டு பேர் 500இல் நிற்கும்போது மூன்றாமவர் 510இல் வந்தால், அவருக்குக் கோடு 505இல் விழும், அதற்கு அப்பால் கிட்டத்தட்ட 49 வீடு அவருக்கு. மற்ற இரண்டு பேரும் மிச்சத்தைப் பங்குபோட்டு ஆளுக்கு 25. அவர்களில் ஒருவர் 520க்குத் தாவினால் அவருக்கு 48 ஆகும், 510இல் இருப்பவர் நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு வீட்டோடு நிற்பார், அவர் தாவுவார். இப்படி யார் நடுவில் நெருக்கப்படுகிறாரோ அவர் வெளியே தாவிக்கொண்டே இருப்பார், மூன்று பேரும் ஓய்ந்து நிற்கும் இடமே கிடையாது. கச்சான் வண்டி மூன்று ஆனால் மாலை முழுக்க உருண்டுகொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். நான்கு கடை என்றால் திரும்ப அமைதி வரும்: 250இல் இரண்டு, 750இல் இரண்டு. இரண்டு சந்தி, சந்திக்கு இரண்டு கடை என்று நீளமான வீதிகளில் பார்க்கிறோமே, அந்த அமைப்பு. அப்போது ஆட்களுக்கும் நடை பாதியாகிவிடும், உங்களுக்கும் 250 மீட்டர் கிட்ட வரும்.

ஆனால் மூன்றாமவர் நேராக 900க்கு, உங்கள் வாசலுக்கே வர வாய்ப்பு உண்டா? கடை தாக்குப்பிடிக்கக் குறைந்தது 30 வீடு வேண்டும் என்று வையுங்கள். நடுவில் இரண்டு பேர் இருக்க, 900இல் திறப்பவருக்குச் சரியாக 30 வீடு கிடைக்கும், மட்டுமட்டாகத் தப்புவார். ஆனால் அவர் யோசிப்பது இன்றைக்கு இருக்கும் இரண்டு கடையை மட்டும் இல்லை, நாளைக்கு 880இல் ஒருவர் வந்தால் தன் கதி என்ன என்பதையும்தான். வந்தால் கோடு 890இல் விழும், அவருக்கு மிஞ்சுவது 11 வீடு. பின்னால் வீதி இல்லை, தாவ இடம் இல்லை. முற்பணம் கட்டி, தட்டு அடித்து, குளிர்சாதனப் பெட்டி வாங்கிப் போட்டவருக்கு இந்தப் பயம் வந்தால் நடுவுக்குத்தான் போவார். ஆகவே வாடகைக்குக் கடை எடுத்து வருபவர் உங்கள் முனைக்கு வருவது அரிது. அந்த முனையில் பிழைப்பது 11 வீடு போதும் என்கிற கடை: சொந்த வீட்டு முன்னறையில், வாடகை இல்லாமல், வீட்டு ஆட்களே நின்று பார்க்கும் கடை. அதுகூட இல்லாத இடத்துக்குத்தான் பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ஆட்டோ வருகிறது. அதற்கு இந்தக் கணக்கே பொருந்தாது, இடம் பிடிக்காமல் வாசல் வாசலாக வருவதால் கடைசி வீட்டுக்கும் முதல் வீட்டுக்கும் அங்கே ஒரே தூரம். உங்கள் பக்கம் அது காலையிலும் பின்னேரமும் வருகிறது என்றால், நடுவில் இருக்கும் இரண்டு கடையும் உங்கள் முனையில் பாண் வியாபாரத்தை ஏற்கெனவே விட்டுக்கொடுத்துவிட்டன என்று அர்த்தம். அதாவது தூரம் கூடினால் ஆட்கள் கடைக்கு வராமலும் விடுகிறார்கள். அது எவ்வளவுக்குக் கூடுகிறதோ அவ்வளவுக்கு இரண்டு கடையில் ஒன்றுக்காவது நடுவைவிட்டு உங்கள் பக்கம் கொஞ்சம் நகர்வதில் லாபம் தெரியத் தொடங்கும்.